பழைய கார்டின் தபால் முத்திரையிலிருந்து அது புறப்பட்ட ஊரைக் கண்டறிவது: முழுமையான வழிகாட்டி

பரணில் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் கார்டுகள் வெளிவருகின்றன. எழுதியவர் யார், எந்த ஊரிலிருந்து எழுதினார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை. இந்த நிலையில் கையிலிருக்கும் முதல் சான்று தபால்தலையின் மேல் விழுந்திருக்கும் வட்ட முத்திரைதான். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம் வட்டாரத்து வீடுகளில் கிடைக்கும், ஏறத்தாழ 1900 முதல் 1980 வரையிலான கார்டுகளை மட்டும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக எண் பதித்த முத்திரைகள் புழங்கின. அவற்றைப் படிக்கும் முறையே வேறு என்பதால் அவை இங்கே வரவில்லை.

முத்திரைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். அவற்றை இங்கே டி, ஐ, ஆர் என்று ஒலித்துக் காட்டுகிறேன்.

1. தொடங்குமுன் வேண்டியவை, செய்யக் கூடாதவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல், டிரேசிங் தாள், மென்மையான பென்சில், காம்பஸ், பள்ளிக்கூட ஜியோமெட்ரி பெட்டியிலிருக்கும் கோணமானி ஆகியவை போதும். கைப்பேசிக் கேமராவும் உதவும். வெளிச்சத்துக்கு டியூப்லைட்டைவிடக் காலை வேளையில் ஜன்னலோரமாகச் சாய்ந்து விழும் வெயில் மேலானது. அதன் காரணம் ஐந்தாம் பகுதியில் வரும்.

செய்யக் கூடாதவை மூன்று. முத்திரையை ஈரப்பஞ்சால் துடைக்கக் கூடாது. தூசியை மட்டும் எடுக்கிறேன் என்று நினைத்து ஒருமுறை துடைத்து, ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளை நானே அழித்திருக்கிறேன். மங்கிய எழுத்தின் மேல் பேனாவையோ பென்சிலையோ ஓட்டித் தெளிவாக்க முயலக் கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் ஊகம் அந்தக் கார்டில் சான்றாகிவிடும், அடுத்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியிராது. தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவும் கூடாது. முத்திரையின் பாதி தலைமேலும் பாதி உறைமேலும் இருக்கும்போது பிரித்துவிட்டால், இரண்டு பாதிகளுமே ஊர் சொல்லாமல் போய்விடும்.

2. படிப்பதற்கு முன் எண்ணுங்கள்

கார்டைக் கையில் எடுத்ததும் கண்ணில் படும் தெளிவான முத்திரையைப் படிக்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. தெளிவாக விழுந்தது அஞ்சலிட்ட ஊரின் முத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கார்டில் சாதாரணமாக இரண்டு முத்திரைகளாவது இருக்கும், மூன்று நான்கு இருப்பதும் உண்டு.

ஆகவே முதலில் இரண்டு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு, கார்டின் அளவில் ஒரு தாளில் ஒவ்வொரு முத்திரையும் விழுந்த இடத்தை வட்டமாகக் குறித்து, அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். உறையாக இருந்தால் பின்பக்கத்தை மறக்க வேண்டாம், ஏனென்றால் சேர்ந்த ஊரின் முத்திரையை உறையின் முதுகில் இடுவதே வழக்கமாக இருந்தது. கார்டில் பின்பக்கம் முழுவதும் எழுத்து நிரம்பியிருப்பதால், புறப்பட்ட முத்திரை, சேர்ந்த முத்திரை இரண்டுமே பெரும்பாலும் முகவரிப் பக்கத்தில் அடுத்தடுத்து விழுந்திருக்கும். குழப்பம் உறையைவிடக் கார்டில் அதிகமாவது இதனால்தான்.

3. புறப்பட்ட முத்திரை எது என்று பிரித்தெடுங்கள்

தபால்தலை மறுபடி பயன்படாதபடி அதைச் செல்லாததாக்குவது, அஞ்சலைப் பெட்டியிலிருந்து எடுத்த அலுவலகத்தின் வேலை. எனவே தலையின் மேல், அல்லது கார்டில் அச்சிட்ட தலையின் மேல் விழுந்த முத்திரையே புறப்பட்ட ஊரின் முத்திரை என்று தொடங்கலாம். முகவரியில் எழுதியுள்ள ஊரின் பெயரைத் தாங்கி, தலையைத் தொடாமல் தள்ளி விழுந்திருப்பது சேர்ந்த முத்திரை.

ஆனால் அது தொடக்கம்தான், முடிவு அல்ல. அவசரத்தில் சேர்ந்த ஊரின் எழுத்தர் தலையின் ஓரத்தில் குத்திவிட்ட கார்டுகளும் இருக்கின்றன. ஆகவே இடத்தை வைத்து ஊகித்ததைத் தேதியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். முந்திய தேதி உள்ளதுதான் புறப்பட்டது. இரண்டிலும் ஒரே தேதி இருந்தால் அருகருகே உள்ள ஊர்களாக இருக்கலாம். அப்போது முகவரியில் இல்லாத ஊரே புறப்பட்ட ஊர்.

இரண்டு வகை முத்திரைகளை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று, ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகளைக் கொண்டது. இது ரயில் அஞ்சல் சேவையின் முத்திரை. இதில் ஊர்ப்பெயருக்குப் பதிலாகப் பிரிவின் எழுத்தும் எண்ணும் இருக்கும். அண்மைப் பல பத்தாண்டுகளில் திருச்சிப் பிரிவின் எழுத்து டி. கார்டு வழியில் ரயிலில் பிரிக்கப்பட்டது என்பதைத்தான் இது பொதுவாகச் சொல்கிறது. ஆனால் தலையின் மேல் இது மட்டுமே இருந்து, வேறு புறப்பட்ட முத்திரை எதுவும் இல்லையென்றால், கார்டை நேரே ரயிலின் அஞ்சல் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நிலையில் ஊர் தெரியாது, ரயில் தடம் மட்டுமே தெரியும். இரண்டாவது, முகவரிதாரர் கிடைக்காமல் திரும்பிய அஞ்சல்களைப் பார்த்த அலுவலகத்தின் முத்திரை. டெட் லெட்டர் ஆபீஸ் என்பதன் சுருக்கமான டி.எல்.ஓ., பிற்காலத்தில் ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ் என்பதன் சுருக்கமான ஆர்.எல்.ஓ. என்ற எழுத்துகளோடு மதராஸ் என்றிருக்கும். அதைப் பார்த்து, கார்டு மதராஸிலிருந்து வந்தது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. ஊரை விட்டுவிட்டுத் தேதியை முதலில் படியுங்கள்

ஊரைத் தேடும் வேலையில் தேதிக்கு ஏன் முதலிடம் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உள்ளன. எந்தக் காலத்து எழுத்துக்கூட்டலை எதிர்பார்க்க வேண்டும் என்பதைத் தேதிதான் சொல்கிறது. அதோடு, வட்டத்தின் நடுவில் கிடைமட்டமாக இருக்கும் தேதி வரிதான் முத்திரையின் மேல் எது, கீழ் எது என்று காட்டுகிறது. அது இல்லாமல் அடுத்த பகுதியில் வரும் அளவீட்டைச் செய்யவே முடியாது.

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் படியுங்கள். ஆங்கிலேயர் காலத்து முத்திரைகளில் மாதம் இரண்டே எழுத்துகளில் இருப்பது வழக்கம். எம்-ஆர் என்றால் மார்ச், எம்-ஒய் என்றால் மே. மை பரவிய கார்டில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். என்-ஓ என்பது நவம்பர். இதை எண் என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொண்டு, ஆண்டைக் குறிக்கும் 35ஐ முப்பத்தைந்தாம் எண் அலுவலகம் என்று படித்த இளைஞர் ஒருவர், இல்லாத ஒரு கிளை அலுவலகத்தை இரண்டு வாரம் தேடிக்கொண்டிருந்தார்.

ஆண்டும் இரண்டு இலக்கங்களில்தான் இருக்கும். நூற்றாண்டைத் தலையிலுள்ள படம் சொல்லும். ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி 1910 முதல் 1936 ஜனவரி வரை, அவருக்குச் சில மாதங்கள் கழித்து வந்த ஆறாம் ஜார்ஜின் படம் அதற்குப் பின்னர். விலையில் நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் வெளியான தலை. விடுதலைக்குப் பிந்திய முத்திரைகளில் ஊர்ப்பெயர் நாகரி எழுத்திலும் சேர்ந்து வரும். ஆங்கிலப் பாதி அழிந்திருந்தால் அந்த நாகரிப் பாதி பெரிய உதவி.

கார்டை எழுதியவர் தமிழ் ஆண்டைக் குறித்திருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். ௵ என்ற குறிக்கு முன்னால் யுவ என்றிருந்தால், அது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஆண்டாகையால் 1875, 1935, 1995 என்ற மூன்றில் ஒன்றில் ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டாக இருக்க வேண்டும். ஜார்ஜ் மன்னரின் படமும் சேர்ந்தால் 1935 மட்டுமே மிஞ்சும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை, மாசி, பங்குனியில் எழுதிய கார்டில் முத்திரையின் ஆண்டு ஒன்று கூடியிருக்கும். அது முரண்பாடு அல்ல.

5. ஊர்ப்பெயரை வளைவில் படியுங்கள்

பெயர் முழுவதும் தெரிந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பெரும்பாலான கார்டுகளில் அப்படித் தெரிவதில்லை. அச்சிட்ட தலையின் அடர்ந்த கோடுகளுக்குள் பாதிப் பெயர் மறைந்துவிடும், மீதிப் பாதி மை போதாமல் மங்கியிருக்கும்.

முதலில் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கை முத்திரையை எழுத்தர் ஓங்கிக் குத்தியபோது, மை பதியாத இடத்தில்கூட உலோகத்தின் விளிம்பு அட்டையில் பள்ளம் போட்டிருக்கும். கார்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்து, வெயில் ஒரு பக்கத்திலிருந்து உராய்ந்து செல்லும்படி மெல்லச் சுழற்றினால், சில எழுத்துகளின் நிழல் எழும்பும். கார்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்தும் இதே சோதனையைச் செய்யலாம். அங்கே எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாக மேடாகத் தெரியும். தலையின் நிறம்தான் தடையாக இருக்கிறதென்றால், படத்தைக் கைப்பேசியில் திறந்து, நிறத்தின் வெப்பத்தையும் செறிவையும் மாற்றிப் பாருங்கள். சிவப்புத் தலை வெளிறிப்போய்க் கறுப்பு மை தனித்து நிற்கும் ஒரு நிலை பெரும்பாலும் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் சில எழுத்துகளே கிடைத்தன என்றால், மறைந்தவற்றை ஊகிக்காதீர்கள். எத்தனை எழுத்துகள் மறைந்தன என்று அளந்துவிடுங்கள். முத்திரை செதுக்குபவர், பெயரின் நடு எழுத்து வட்டத்தின் உச்சியில் வரும்படி இருபுறமும் சமமாகவே எழுத்துகளை அமைப்பார். ஆகவே முதல் எழுத்து உச்சியிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, கடைசி எழுத்தும் வலப்பக்கம் ஏறத்தாழ அவ்வளவே தள்ளியிருக்கும். பெயரின் தொடக்கம் மட்டும் தெரிந்தாலே முழு நீளத்தையும் கணக்கிட்டுவிடலாம் என்பது இதனால்தான்.

அளக்கும் வரிசை இது. டிரேசிங் தாளில் ஒரே புள்ளியை மையமாக வைத்து, ஆரத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டிப் பல வட்டங்களைக் காம்பஸால் வரைந்துகொள்ளுங்கள். அதை முத்திரையின் மேல் நகர்த்தினால், தெரியும் வளைவோடு ஒரு வட்டம் பொருந்தும். அப்போது தாளிலுள்ள மையமே முத்திரையின் மையம். தேதி வரிக்குச் செங்குத்தாக மையத்தின் வழியே ஒரு கோடு போடுங்கள், அது வட்டத்தைத் தொடும் மேல் இடமே உச்சி. இனிக் கோணமானியை மையத்தில் வைத்து, முதல் எழுத்தின் நடுவுக்கும் உச்சிக்கும் உள்ள கோணத்தையும், அடுத்தடுத்த எழுத்துகளின் நடுக்களுக்கு இடையிலான சராசரிக் கோணத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காம்பஸ் முள்ளையோ பென்சிலையோ கார்டின் மேல் வைக்காமல், தாளைத் தனியே எடுத்து வைத்து அல்லது பெரிதாக்கி அச்சிட்ட படத்தின் மேல் இதைச் செய்வதே நல்லது.

இந்த முறைக்கு வரம்பும் உண்டு. ஒவ்வொரு நாளும் மாற்றிச் செருகப்படும் தேதிக் கட்டைகள் சில சமயம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அப்போது உச்சி சில பாகைகள் தவறும். ஐ என்ற எழுத்து மற்றவற்றைவிட ஒடுங்கியது, எம் அகலமானது. ஆகவே எழுத்து எண்ணிக்கையில் ஒன்று கூடவோ குறையவோ இடம் கொடுத்தே முடிவு செய்ய வேண்டும்.

6. ஒரு கார்டு, முழுக் கணக்கோடு

எங்கள் வீட்டுக் கட்டில் மாயவரம் முகவரிக்கு வந்த ஒரு கார்டு இருந்தது. எழுதியவர் என் பாட்டியின் தமையனார். மேல் மூலையைப் பூச்சி தின்றிருந்ததால், ஊரும் நாளும் எழுதிய இடம் போய்விட்டது. யுவ ௵ ஐப்பசி ௴ என்பதும், கீழே வெள்ளிக்கிழமை என்பதும், ஓட்டையின் விளிம்பில் ‘முகா’ என்ற இரண்டு எழுத்துகளும் மிஞ்சியிருந்தன. அவர் திருவையாற்றில் குடியிருந்தவர். ஆகவே கார்டும் திருவையாற்றிலிருந்துதான் வந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்திருந்தேன்.

முத்திரைகள் இரண்டு. தலையைத் தொடாமல் இடப்பக்கம் விழுந்திருந்தது மாயவரம், 2 நவம்பர் 35. ஐந்தாம் ஜார்ஜின் தலைமேல் விழுந்திருந்ததில் தேதி 1 நவம்பர் 35 என்று தெளிவாகத் தெரிந்தது. 1935 நவம்பர் 1 வெள்ளிக்கிழமை. எழுதிய அன்றே அஞ்சலிட்டு, மறுநாள் சேர்ந்திருக்கிறது.

ஊர்ப்பெயரில் டி, ஐ, ஆர், யு, வி என்ற ஐந்து எழுத்துகளே தெரிந்தன. டெல்டாவில் இப்படித் தொடங்காத ஊரைத் தேடுவதுதான் கடினம். திருவையாற்றை அன்று ஆங்கிலத்தில் திருவாடி என்று எழுதினார்கள், அதற்கு 8 எழுத்துகள். திருவாரூரைத் திருவாலூர் என்று எழுதினார்கள், அதற்கு 9. திருவெண்காட்டுக்கு 11, திருவிடைமருதூருக்கு 16.

அளந்தபோது, முதல் எழுத்தான டி உச்சியிலிருந்து இடப்பக்கம் 64 பாகையில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி சராசரி 16 பாகை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை 64 இரண்டு மடங்கு, அதாவது 128 பாகை. அதில் 16 பாகை இடைவெளிகள் 8 அடங்கும். இடைவெளிகள் 8 என்றால் எழுத்துகள் 9.

மற்ற ஊர்களை இதே கணக்கில் வைத்துப் பார்த்தேன். திருவெண்காடாக இருந்தால் முதல் எழுத்து 80 பாகையில், ஏறத்தாழ வட்டத்தின் இடைமட்டத்தில் தொடங்கியிருக்க வேண்டும். திருவிடைமருதூர் இதே இடைவெளியில் வட்டத்தின் பெரும்பகுதியையும் சுற்றி வந்திருக்கும். திருவாடியாக இருந்தால் 56 பாகையில் தொடங்க வேண்டும், அதிலும் இரண்டு ஐ இருப்பதால் உண்மையில் இன்னும் உச்சிக்கு அருகே வந்திருக்கும். எட்டுப் பாகை வேறுபாடு தேதிக் கட்டையின் சாய்வால்கூட வரலாம் என்பதால் அத்துடன் நிறுத்தவில்லை. கடைசி எழுத்து வர வேண்டிய இடம், வலப்பக்கம் 64 பாகை, எது என்று தெரிந்துவிட்டதால், அந்த இடத்தை மட்டும் சாய்ந்த வெயிலில் பார்த்தேன். நேர்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்த காலின் பள்ளம் இருந்தது. திருவாடியின் கடைசி எழுத்தான ஐக்குச் சாய்ந்த கால் கிடையாது. திருவாலூரின் கடைசி எழுத்தான ஆருக்கு உண்டு.

கார்டு திருவாரூரிலிருந்து புறப்பட்டது. ‘முகா’ என்பதும் அப்போதுதான் விளங்கியது. வெளியூரில் தங்கியிருந்து எழுதுபவர்கள் ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘முகாம்’ என்று போடுவது அக்காலத்து வழக்கம். சொந்த ஊரிலிருந்து எழுதியிருந்தால் அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. வரிசையை மாற்றி, குடும்ப நினைவை முதலில் வைத்துக்கொண்டு முத்திரையைப் பார்த்ததால்தான் அத்தனை ஆண்டுகளும் அந்த ஐந்து எழுத்துகளைத் திருவையாறு என்றே படித்துக்கொண்டிருந்தேன்.

7. பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய ஊராக்குங்கள்

தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், நாகப்பட்டினம் நெகபடாம் என்றும், திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபொலி என்றும், சீர்காழி ஷியாலி என்றும், தரங்கம்பாடி டிராங்கபார் என்றும் முத்திரையில் இருக்கும். மயிலாடுதுறைக்கு மாயவரம், மாயூரம் என்ற இரண்டு பழைய பெயர்களும் உண்டு. இன்றைய பெயர் 1982இல் வந்தது. பெயர் மாறிய மறுநாளே எல்லா அலுவலகத்திலும் முத்திரை மாறிவிடுவதில்லை என்பதால், பெயரை மட்டும் வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முயல வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது, ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது. பாபநாசம் கும்பகோணத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது, தாமிரபரணிக் கரையில் திருநெல்வேலிச் சீமையிலும் இருக்கிறது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலமும் தென்காசிப் பக்கத்துக் குற்றாலமும் ஆங்கில எழுத்தில் நெருங்கிவிடும். திருவாலூர் என்பதில் எல் ஒன்றா இரண்டா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இரண்டானால் சென்னைக்கு மேற்கேயுள்ள திருவள்ளூராக இருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலை வட்டத்தின் கீழ்ப்பாதி பலமுறை தீர்த்துவிடும். சில முத்திரைகளில் அங்கே மாவட்டப் பெயர் இருக்கும். ஆனால் டாஞ்சூர் மாவட்டம் என்றிருந்தால் அதை இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் பிரிந்தன, மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது. 1991க்கு முன் இவை அனைத்தும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கியவை. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆர்.எஸ். என்ற எழுத்துகள் வந்தால், அது அந்த ஊரின் ரயில் நிலையத்தை ஒட்டிய அஞ்சலகம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்திய முத்திரையில் ஆறு இலக்கங்களும் இருந்தால் வேலை எளிது, முதல் மூன்று மட்டும் தெரிந்தாலும் வட்டாரம் கிடைத்துவிடும். 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர், 614 மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம், 609 மயிலாடுதுறை, 610 திருவாரூர், 611 நாகப்பட்டினம். நம் பாபநாசம் 614இல் தொடங்கும், திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் 627இல் தொடங்கும்.

காரைக்காலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்ததால், அங்கே பிரெஞ்சிந்தியத் தலைகளும் பிரெஞ்சு மொழி முத்திரைகளும் புழங்கின. நாகூரிலிருந்து சில மைல் தொலைவில் எழுதிய கடிதம் வெளிநாட்டுக் கடிதம்போலத் தோன்றுவது இதனால்தான். முத்திரையில் காரிகல் என்றிருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

8. அஞ்சலிட்ட ஊரும் எழுதிய ஊரும்

முத்திரை சொல்வது கார்டு எந்த அலுவலகத்தில் கையாளப்பட்டது என்பதை மட்டுமே. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போட்ட கார்டுகள் பல, அது கணக்குக் காட்டும் துணை அஞ்சலகத்துக்குப் பையில் சென்று, அங்கேதான் தலைமேல் தேதி முத்திரை பெற்றன. ஆகவே வலங்கைமான் என்ற முத்திரை, வலங்கைமானைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு கிராமத்தைக் குறிக்கலாம். இப்படிப்பட்ட கார்டுகளில் தலையை விட்டுத் தள்ளி, தேதியில்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் கொண்ட மங்கலான முத்திரை ஒன்று சில சமயம் இருக்கும். அது கிளை அலுவலகத்தின் பெயராக இருந்தால், கார்டு உண்மையில் தொடங்கிய இடம் அதுவே. புதியவர்கள் தலைமேலுள்ளதைப் படித்ததும் நிறுத்திவிடுவதால் இதைத் தவறவிடுகிறார்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன எண்ணிக்கையைச் செய்தவர்களுக்கு இது தப்பாது.

அலையலையான கோடுகளோடு நீண்டு விழுந்த முத்திரை இயந்திரத்தில் குத்தியது. இயந்திரம் பெரிய அலுவலகங்களில்தான் இருந்தது. சந்தைக்கோ கோர்ட்டுக்கோ வந்தவர் நகரத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன கார்டாகவும் அது இருக்கலாம்.

9. முடிவை எப்படிக் குறித்து வைப்பது

கார்டின் மேல் எதையும் எழுதாமல் தனித் தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: முத்திரையில் கண்ணால் கண்ட எழுத்துகளும் காணாத இடத்தில் புள்ளிகளும், தேதியும் நூற்றாண்டை முடிவு செய்த காரணமும், நீங்கள் முடிவு செய்த இன்றைய ஊர், அந்த முடிவு உறுதியா, பெரும்பாலும் சரியா, ஊகமா என்பது. என் திருவாரூர்க் கார்டின் தாளில் ஐந்து எழுத்துகளும், மூன்று புள்ளிகளும், இறுதியில் ஆர் என்ற எழுத்தின் சாய்ந்த கால் மட்டும் பள்ளமாகத் தெரிகிறது என்ற குறிப்பும் இருக்கின்றன. கடைசி வரியில் ‘பெரும்பாலும் சரி’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதே கையெழுத்தில், அதே வாரத்தில், முழு முத்திரையோடு இன்னொரு கார்டு கிடைத்தால் அதை மாற்றுவேன்.